சகாவின் வேலையைச் சத்தமில்லாமல் சுமந்தவருக்குப் பாராட்டுக் கடிதம்: புதிய மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் அண்மையில்தான் ஒரு பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். உங்கள் பிரிவில் ஒருவர் உடல்நலமின்றிப் பல வாரங்கள் விடுப்பில் இருந்தார். ஆனாலும் அவருடைய மேசையில் எந்த வேலையும் தேங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் யாரிடமும் சொல்லாமல் அதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிகிறது. அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுக்க நினைக்கிறீர்கள்.

பத்து நிமிட வேலை போலத் தோன்றும். நான் இதே கடிதத்தை எழுத முனைந்தபோது மனிதவளப் பிரிவு ஒரு கேள்வி கேட்டது, சம்பளப் பிரிவு வேறொன்று கேட்டது, விடுப்பிலிருந்து திரும்பியவர் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டார். மாதிரிக் கடிதத் தொகுப்புகள் எதிலும் அந்தக் கேள்விகளுக்கு விடை இல்லை. அவற்றை எதிர்கொள்ள வேண்டிய வரிசையில் இங்கே தருகிறேன். எழுதுவதற்கு ஒரு மணி நேரம் போதும். அதற்கு முந்தைய வேலைகளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். செலவு உண்டா என்றால், உண்டு. அது மூன்றாம் படியில் வருகிறது.

விளக்கத்துக்காக ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. சரக்கு வழங்குவோரின் பில்களைப் பதிந்து, சரிபார்த்து, பணம் அனுப்பப் பரிந்துரைக்கும் எழுத்தர்கள் இருவர். ஒருவர் ஐந்து வாரம் நோய் விடுப்பில் போகிறார். இடையில் ஒரு மாதக் கணக்கு முடிப்பும் வருகிறது. மற்றவர் இரண்டு பேர் வேலையையும் பார்க்கிறார்.

1. அவர் ஏன் சத்தமில்லாமல் செய்தார் என்று முதலில் அறியுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கடிதம் வேறு.

முதலாவது, அவர் இயல்பே அப்படி. தன் வேலையைப் பற்றிப் பேச விரும்பாதவர். இவருக்குக் கடிதம் தனிமையில் போக வேண்டும். கூட்டத்தில் படித்தால் அவருக்கு அது தண்டனை.

இரண்டாவது, சகாவைக் காப்பாற்றத்தான் அவர் பேசாமல் இருந்திருக்கிறார். விடுப்பில் இருப்பவர் தகுதிகாண் காலத்தில் இருக்கலாம், விடுப்பு இருப்புத் தீர்ந்திருக்கலாம், வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கலாம். விடுப்பு முறைப்படி தொடங்குவதற்கு முன்பே, நோயோடு அலுவலகம் வந்துகொண்டிருந்த நாட்களில் இவர் அவருடைய வேலையில் பாதியைச் செய்திருக்கலாம். அதையெல்லாம் நீங்கள் கடிதத்தில் விவரமாகப் பாராட்டினால், அவர் யாருக்காக மறைத்தாரோ அவரைப் பற்றிய புகாராக அது மாறிவிடும்.

மூன்றாவது காரணம் சற்றுக் கசப்பானது. அவர் சத்தமில்லாமல் செய்யவே இல்லை. சொன்னார், யாரும் கேட்கவில்லை. உங்கள் அஞ்சல் பெட்டியிலும், உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் விட்டுச்சென்ற கோப்புகளிலும் அந்த வாரங்களைத் தேடிப் பாருங்கள். ‘இரண்டு பேர் பில்களும் என்னிடம் வருகின்றன, எதைத் தள்ளிப்போடலாம் என்று சொல்லுங்கள்’ என்ற தொனியில் பதிலில்லாத அஞ்சல் ஒன்று கிடைத்தால், ‘யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்’ என்ற வரியைக் கடிதத்தில் எழுதாதீர்கள். படிக்கும்போது அவருக்கு அந்த அஞ்சல்தான் நினைவுக்கு வரும். அப்படியான நிலையில், உதவி கேட்டும் கிடைக்காமல் செய்தார் என்பதைக் கடிதமே சொல்லட்டும்.

காரணத்தை அறிய நேரடியாகக் கேட்பதுதான் வழி. தனியாக, ஐந்து நிமிடம். “அந்த வாரங்களில் இரண்டு வேலையையும் நீங்கள் பார்த்தது தெரிந்தது. அதை எழுத்தில் பதிய விரும்புகிறேன். எழுதக் கூடாதது ஏதாவது இருக்கிறதா?” கடைசிக் கேள்விதான் முக்கியம். “அதெல்லாம் வேண்டாம்” என்று சிரித்துக்கொண்டு சொன்னால் அது பெரும்பாலும் கூச்சம். சற்றுத் தயங்கி, “தேதிகளைப் போடாதீர்கள்” என்றோ “அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்றோ சொன்னால் இரண்டாவது காரணம் என்று கொள்ளுங்கள். மேலும் துருவ வேண்டாம்.

2. பதிவுகளைத் திரட்டுங்கள், அவரிடமே பட்டியல் கேட்காதீர்கள்

‘நீங்கள் செய்தவற்றை எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டால் பாராட்டு சுயமதிப்பீட்டுப் படிவமாகிவிடும். உங்களுக்குத் தேவையானவை அலுவலகத்திலேயே இருக்கின்றன. விடுப்புப் பதிவிலிருந்து தொடக்க, முடிவுத் தேதிகள் மட்டும். வருகைப் பதிவிலிருந்து அவர் வந்த, போன நேரங்கள். பில் பதிவேடு அல்லது கணக்கு மென்பொருளின் பதிவு வரலாறு. பிரிவின் பொது அஞ்சல் பெட்டி. மாதக் கணக்கு முடிப்பின் சரிபார்ப்புப் பட்டியல்.

இவற்றில் நீங்கள் தேட வேண்டியது அவர் எத்தனை பில் பதிந்தார் என்ற கணக்கை அல்ல. அவர் இல்லாவிட்டால் எது தவறியிருக்கும், எதை அவர் தன் வேலையிலிருந்து விட்டுக்கொடுத்தார் என்ற இரண்டைத்தான். நம் எடுத்துக்காட்டில் பதிவுகளைப் புரட்டியபோது கிடைத்தவை என்று வைத்துக்கொள்வோம்: ஒரு சரக்கு வழங்குநர் ஒரே பில்லை இரண்டு எண்களில் அனுப்பியிருந்தார், இவர் அதைக் கணக்கறிக்கையோடு ஒப்பிட்டுப் பிடித்து, இரண்டாவது பணம் போகாமல் நிறுத்தினார். மாதக் கணக்கு குறித்த நாளில் முடிந்தது. வங்கிச் சரிகட்டும் பட்டியலில் ஒரு வித்தியாசமும் விடுபடவில்லை. இதற்காக அவர் தன்னுடைய பழைய நிலுவைக் கணக்குகளைச் சீர்செய்யும் பணியைத் தள்ளிவைத்திருந்தார். அந்தக் கடைசி விவரம் உங்களுக்குத் தங்கம். ஏனென்றால் அந்தத் தாமதத்துக்காக வேறு யாரோ அவரிடம் விளக்கம் கேட்கத்தான் போகிறார்கள்.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. பதிவு வரலாற்றில் விடுப்பில் இருந்தவரின் பயனர் பெயரில், அவர் இல்லாத நாட்களில் பதிவுகள் இருந்தால், கடவுச்சொல் கைமாறியிருக்கிறது என்று பொருள். அல்லது பில்லைப் பதிந்தவரும் அதைச் சரிபார்த்தவரும் ஒரே ஆளாக இருந்திருப்பார். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது கணக்குப் பிரிவில் மோசடியைத் தடுக்கும் அடிப்படை விதி. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்த்தால் அந்த விதி தானாகவே உடைந்துவிடும். மருந்து வழங்குமிடம், கிடங்கு, ஆய்வுக்கூடம் என்று இரட்டைக் கையெழுத்து தேவைப்படும் எந்த இடத்திலும் இதே கதைதான்.

‘இருவர் பொறுப்பையும் தனி ஒருவராக நிறைவேற்றினார்’ என்று நீங்கள் அன்போடு எழுதிக் கையெழுத்திட்டால், அடுத்த தணிக்கையில் அது அவருக்கு எதிரான ஆவணமாகலாம். எனவே எழுதும் முன் உங்கள் மேலதிகாரியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: பிரிவில் மாற்று ஏற்பாடு இல்லாததால் இப்படி நடந்தது, அந்த வாரங்களின் பதிவுகளை மூன்றாவது ஒருவர் மறுபார்வை பார்க்க வேண்டும். குறை ஏற்பாட்டில்தான் இருந்தது என்பது எழுத்தில் இருக்கட்டும். மறுபார்வை முடிந்து குறிப்பு கோப்பில் ஏறிய பிறகு கடிதத்துக்கு வாருங்கள். சில நாள் தாமதம்தான்.

3. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் பாராட்டுங்கள்

அவர் வேலை நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் அதற்கான கூடுதல் நேரப் படி சேர வேண்டுமா என்று சம்பளப் பிரிவிடம் கேளுங்கள். அவருடைய பணிநிலை, ஒப்பந்தம், ஊர்ச் சட்டம் ஆகியவற்றைப் பொறுத்து விடை மாறும். மாறாதது ஒன்று: ‘பல நாட்கள் இரவு எட்டு மணி வரை இருந்தீர்கள்’ என்று கடிதத்தில் எழுதினால், அந்த நேரம் உங்களுக்குத் தெரியும் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிறது. படி கொடுக்காமல் அந்த வரியை எழுதினால் நிறுவனம் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்து வரியை மட்டும் நீக்கிவிட்டுப் படியையும் விழுங்குவது அதைவிட மோசம். சம்பளப் பட்டியல் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் மூடப்படும். அதற்கு முன் வருகைப் பதிவின் நகலோடு கோரிக்கையை அனுப்பினால் அதே மாதச் சம்பளத்தில் வந்துவிடும். தவறினால் இன்னும் ஒரு மாதம்.

படி பெறும் பணிநிலையில் அவர் இல்லை என்றால், ஈடுசெய் விடுப்பு கேளுங்கள். வாய்வழி ஒப்புதல் போதாது. எத்தனை நாள், எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பல அலுவலகங்களில் இந்த விடுப்பு குறிப்பிட்ட காலத்தில் காலாவதியாகும், ஆள் பற்றாக்குறையுள்ள பிரிவில் அதை எடுக்கவே வழியிருக்காது. எனவே அவர் விரும்பும் நாளை இப்போதே பணிப்பட்டியலில் குறித்துவிடுங்கள்.

பரிசு கொடுக்க விரும்பினால் ஒரு கவனம். பணமோ, பணத்துக்கு ஈடான பரிசு அட்டையோ பல நாடுகளில் சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். உறையில் இருக்கும் தொகை ஒன்று, சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் வரி வேறு என்றால் மகிழ்ச்சி கெட்டுவிடும். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. விடுப்பில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை

அந்தக் கடிதத்தில் அவரும் இருக்கிறார். பெயர் போடலாமா என்று அவரிடம் கேளுங்கள். “நீங்கள் இல்லாத வாரங்களில் உங்கள் பணியைப் பார்த்தவருக்குக் கடிதம் கொடுக்கிறேன். உங்கள் பெயரை எழுதட்டுமா, ‘பிரிவின் ஒரு பொறுப்பு’ என்று மட்டும் எழுதட்டுமா?” இதற்கு மேல் பேச்சு வேண்டாம். அவர் இன்னும் திரும்பவில்லை என்றால் கேட்கவும் வேண்டாம், பெயரில்லாமலே எழுதிவிடலாம்.

நோயின் பெயர், மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, எத்தனை நாளில் குணமாகும் என்ற எதுவும் கடிதத்தில் வரக்கூடாது. உடல்நலத் தகவலுக்குப் பல நாடுகளின் சட்டம் தனிப் பாதுகாப்புத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 9ஆம் பிரிவு அதைச் சிறப்பு வகைத் தகவலாகவே வகைப்படுத்துகிறது. கடிதம் இன்னொருவரின் பணிக்கோப்பில் போய் உட்காரப் போகிறது என்பதை மறக்காதீர்கள். உண்மையில் ‘நோய்’ என்ற சொல்லே தேவைப்படாது. ‘விடுப்பில் இருந்த வாரங்களில்’ என்றால் போதும்.

5. எழுதுங்கள்

முதலில் ஒரு மோசமான வரைவைப் பார்ப்போம். இந்த வகைதான் எல்லாத் தொகுப்புகளிலும் கிடைக்கிறது.

> உங்கள் சக ஊழியர் கடுமையான நோயால் பாதிக்கப்பட்டு வேலைக்கு வர இயலாத நிலையில், அவருடைய சுமை முழுவதையும் முகம் சுளிக்காமல் தாங்கிய உங்கள் அர்ப்பணிப்பும் தியாகமும் அனைவருக்கும் முன்மாதிரி. உங்களைப் போன்ற ஊழியர்களே எங்கள் சொத்து. வருங்காலத்திலும் இதேபோல் உங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம். உங்கள் உழைப்பு உரிய நேரத்தில் கவனிக்கப்படும்.

நான்கே வாக்கியம், அதற்குள் இத்தனை கேடு. முதல் வாக்கியம் நோயைச் சொல்கிறது. கூடவே, திரும்பி வந்தவரைச் ‘சுமை’ ஆக்குகிறது. ‘அனைவருக்கும் முன்மாதிரி’ என்பது நோயாளியையும் மற்றவர்களையும் மறைமுகமாக ஒப்பிடுகிறது. மூன்றாவது வாக்கியத்தைப் படிப்பவர், இனி இதுதான் தன் வேலை என்று புரிந்துகொள்வார். அப்படிப் புரிந்துகொண்டால் அவர்மேல் பிழையில்லை. கடைசி வாக்கியம் ஒரு வாக்குறுதி. உங்கள் கையில் இல்லாத பதவி உயர்வை அது கோடிகாட்டுகிறது, அதுவும் எழுத்தில். இத்தனையும் இருந்தும் அவர் என்ன செய்தார் என்பது எங்கேயும் இல்லை. பெயரை மாற்றினால் யாருக்கும் கொடுக்கலாம்.

இப்போது நம் கணக்குப் பிரிவுக்காரருக்கு:

> அன்புள்ள ………… அவர்களுக்கு,
>
> கடந்த ஐந்து வாரங்கள் நம் பிரிவில் ஒரு பொறுப்பு ஆளில்லாமல் இருந்தது. அந்தப் பில்களை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். அது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பதிவுகளைப் பார்த்தபோது முழுமையாகப் புரிந்தது.
>
> இரண்டு எண்களில் வந்த ஒரே பில்லைக் கணக்கறிக்கையோடு ஒப்பிட்டு நீங்கள் நிறுத்தியதால் ஒரு தொகை இருமுறை போகவில்லை. மாதக் கணக்கு குறித்த நாளில் முடிந்தது. சரக்கு வழங்குவோர் ஒருவர்கூடப் பணம் வரவில்லை என்று அழைக்கவில்லை.
>
> இதற்காகப் பழைய நிலுவைகளைச் சீர்செய்யும் உங்கள் பணியைத் தள்ளிவைத்தீர்கள். அது என் ஒப்புதலோடு தள்ளிவைக்கப்பட்டதாகவே பதிவு செய்திருக்கிறேன். புதிய கெடுவை நாம் சேர்ந்து முடிவு செய்வோம்.
>
> கூடுதல் நேரத்துக்கான படி இந்த மாதச் சம்பளத்தில் சேர்ந்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை முதல் அந்தப் பில்கள் உங்களிடம் வராது.
>
> நன்றி. பிரிவு தடுமாறாமல் நின்றது உங்களால்தான்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. ‘அர்ப்பணிப்பு’, ‘தியாகம்’ எதுவும் இல்லை. ஆனால் அந்த இரட்டைப் பில் இருக்கிறது. அதைப் படித்ததும், உண்மையாகவே யாரோ பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ‘என் ஒப்புதலோடு’ என்ற வரி அவருக்கு ஒரு கேடயம். நிலுவைப் பணி ஏன் தாமதம் என்று யார் கேட்டாலும் இந்தத் தாளைக் காட்டலாம். அதை எழுதுவதற்கு முன் பணித்திட்டத்திலும் தேதியை மாற்றியிருக்க வேண்டும், இல்லையேல் அது வெறும் சொல். ‘திங்கட்கிழமை முதல் வராது’ என்ற வரியை எழுத முடியவில்லை என்றால், பிரச்சினை கடிதத்தில் இல்லை. வேலை இன்னும் அவரிடமே இருக்கிறது. முதலில் அதைத் திருப்பி எடுங்கள்.

முதலாம் படியில் இரண்டாவது காரணம்தான் என்று தெரிந்திருந்தால், இந்தக் கடிதத்தில் மூன்றை மாற்றுங்கள். ‘ஐந்து வாரங்கள்’ போய் ‘அண்மையில்’ ஆகட்டும். ‘ஆளில்லாமல் இருந்தது’ என்பது ‘பில்கள் வழக்கத்தைவிட அதிகமாக உங்களிடம் வந்தன’ என்று மாறட்டும். கூடுதல் நேரப் படியின் விவரம் சம்பளச் சீட்டிலேயே இருக்கட்டும், கடிதத்தில் வேண்டாம். இரட்டைப் பில்லையும் மாதக் கணக்கையும் தொடாதீர்கள். அவை யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தட்டச்சு செய்து, கையால் கையெழுத்திடுங்கள். உங்கள் கையெழுத்து படிக்கும்படி இருந்தால் கடைசி வரியை மட்டும் கையால் எழுதலாம்.

6. கொடுக்கும் நேரமும் இடமும்

விடுப்பில் இருந்தவர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அவர் திரும்பிய முதல் நாளே கொடுத்தால் அவர் கண்முன்னே கணக்குத் தீர்ப்பது போலாகும். ஆண்டு மதிப்பீடு நெருங்கும்வரை காத்திருந்தால் கடிதம் மதிப்பீட்டின் முன்னுரை போலத் தெரியும்.

காலையில், தனியாக, கையில் கொடுங்கள். அதே சந்திப்பில் புதிய வேலை எதையும் பேசாதீர்கள். ‘அப்படியே இன்னொரு விஷயம்’ என்று தொடங்கினால் அடுத்த முறை உறையைப் பார்த்தாலே அவர் பயப்படுவார். கூட்டத்தில் அறிவிப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சம்மதித்தாலும், விடுப்பில் இருந்தவர் அந்த அறையில் இருப்பார் என்பதை நினைத்துச் சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

7. நகல்கள்

ஒரு நகல் அவருடைய பணிக்கோப்புக்கு, ஒன்று உங்கள் மேலதிகாரிக்கு. மேலதிகாரிக்கு அனுப்பும் அஞ்சலில் இரண்டே வரி போதும்: என்ன நடந்தது, எந்த ஏற்பாடு இல்லாததால் நடந்தது. பணிக்கோப்பில் சேர்ந்துவிட்டதா என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டு உறுதிசெய்யுங்கள். அஞ்சலில் அனுப்பிய நகல் கோப்புக்குப் போகாமல் யாரோ ஒருவரின் பெட்டியிலேயே தங்கிவிடுவது சாதாரணம். மேலாளர் மாறினால் இந்தத் தாள் மட்டும்தான் அவருக்காகப் பேசும்.

நகல்களை அனுப்பும் முன் ஒரு நாள் பொறுங்கள். கடிதத்தைப் படித்துவிட்டு, ‘இந்த வரியில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு, அவரும் இரண்டு நாள் உதவினார்’ என்று அவர் திரும்பி வரக்கூடும். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் வருவார்கள். திருத்தி, மறுபடி கையெழுத்திட்டு, பழைய தாளை வாங்கிக் கிழித்துவிட்டு, புதியதன் நகலை அனுப்புங்கள்.